இரவு ஒன்பதரைக்கு யார் வருவார்?



வேலை முடிந்து, களைத்து வீடு திரும்பிய வேளையிலே, சட்டைப் பையிலே கிடக்கும் கைப்பேசி ஒரு சிணுங்கல் சிணுங்குகிறது. எடுத்துப் பார்க்கிறான் தொழிலாளி. அரைகுறை ஆங்கிலத்திலே ஐந்தாறு வரி. பக்கத்து வீட்டுப் பையன் படித்துச் சொல்கிறான்: "சென்ற மாதத்து மின் கட்டணம் கணக்கில் ஏறவில்லை. ஆகவே இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும். உடனே எங்கள் மின் அதிகாரியை இந்த எண்ணில் அழைக்கவும்." கீழே ஒரு பத்து இலக்க எண்!

2022ஆம் ஆண்டிலே இந்தியா முழுவதும் இலட்சக்கணக்கான கைப்பேசிகளிலே இந்த ஓலை வந்து விழுந்தது. நம் மின்வாரியம் எச்சரித்தது. டெல்லிக் காவல்துறை பல ஊர்களிலே வலைவீசிப் பலரைப் பிடித்தது. ஆனாலும் ஓலை நின்றபாடில்லை. ஆள் மாறுகிறது, எண் மாறுகிறது, வாசகம் மட்டும் மாறவில்லை. ஏன் மாறவில்லை? பலிக்கிற மந்திரத்தை எந்த மந்திரவாதி மாற்றுவான்!

"இதைக்கூடவா நம்புவான் ஒருவன்?" என்று ஏளனம் பேசும் படித்த மேதாவிகள் உண்டு. அவர்களைக் கேட்கிறேன்: அந்த வாசகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தீர்களா? "நீ பணம் கட்டவில்லை" என்று அது சொல்லவில்லை. "கணக்கில் ஏறவில்லை" என்று சொல்கிறது. இந்த ஒரு சொல்லிலேதான் சூது முழுவதும் அடங்கியிருக்கிறது. கட்டாதவனுக்குத் தான் கட்டவில்லை என்பது தெரியும். அவன் காலையிலே போய்க் கட்டிவிடுவான். கட்டியவன்தான் பதறுகிறான். "கட்டினேனே! ரசீதுகூட இருக்கிறதே! ஏன் ஏறவில்லை?" என்று விளக்கம் கேட்கத் துடிக்கிறான். நாணயமானவனைப் பிடிக்கவே அந்தத் தூண்டில்.

அடுத்து, அந்த ஒன்பதரை மணி. பகல் 11 மணி என்று எழுதினால், பிரிவு அலுவலகத்துக்கு ஓர் எட்டு நடந்துபோய்க் கேட்டுவிடுவான். மாலையிலே அனுப்பி, இரவு என்று கெடு வைத்தால், அலுவலகம் பூட்டியிருக்கும்; கணக்கெடுக்க வரும் ஊழியர் வீட்டுக்குப் போயிருப்பார்; கேட்பதற்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரே எண்தான். மற்றக் கதவுகளையெல்லாம் சாத்திவிட்டு, ஒரு கதவை மட்டும் திறந்துவைத்து, "வா" என்கிறான் வஞ்சகன். அவனாக நம்மை அழைத்தால் சந்தேகம் வரும். நாமாக அழைத்தால், அதிகாரியிடம் பேசுவதாக நாமே நினைத்துக்கொள்கிறோம்.

இனி உண்மை நிலை என்ன என்று பார்ப்போம். அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றிலே வேலை செய்யும் தோழர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், அவர் நம்மில் எவராகவும் இருக்கலாம். ஜூன் 4ஆம் தேதி அவர் வீட்டு மின்அளவியைப் பார்த்துக் கணக்கெடுக்கிறார்கள். ரூ.410 என்று தொகை வருகிறது. 20 நாள் தவணை. அதாவது ஜூன் 24 வரை. 10ஆம் தேதியே கட்டிவிடுகிறார். ஜூலை 2ஆம் தேதி இரவு 7.40க்கு ஓலை வருகிறது: "சென்ற மாதத்துக் கட்டணம்..."

சென்ற மாதமா? எந்தச் சென்ற மாதம்? தமிழ்நாட்டிலே வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையல்லவா கணக்கு! மாதக் கட்டணம் வாங்கும் வேறு மாநிலத்துக்காக எழுதிய ஓலையை, ஒரு எழுத்தும் மாற்றாமல் இங்கேயும் வீசியிருக்கிறான். அதே தோழரின் மாமியாருக்கு, தனிக் குடிசையிலே ஒரு விளக்கும் ஒரு விசிறியும் மட்டும் வைத்திருக்கும் கிழவிக்கு, அதே ஓலை அதே இரவு வருகிறது. அந்த அம்மாள் 100 யூனிட்டைத் தாண்டுவதே இல்லை; முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமே கிடையாது. கட்டணமே இல்லாதவளுக்குப் பாக்கி எங்கிருந்து முளைத்தது? யாருடைய கணக்கையும் பார்த்து அனுப்பிய ஓலை அல்ல அது. எண்களை வரிசையாகப் போட்டு விதைத்துவிட்டு, எது முளைக்கிறது என்று காத்திருக்கிறார்கள்.

சரி, உண்மையிலேயே பாக்கி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது அன்றிரவே வெட்டலாமா? 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்குமுன் எழுத்து மூலம் 15 முழு நாள் அறிவிப்புத் தரவேண்டும் என்கிறது. தொகையிலே தகராறு என்றால், ஆட்சேபத்தோடு பணத்தைச் செலுத்திவிட்டு இணைப்பைக் காத்துக்கொள்ளவும் அதே பிரிவு வழி வைத்திருக்கிறது. "இன்று எழுதுகிறேன், இன்றிரவு வெட்டுகிறேன்" என்பதற்குச் சட்டத்திலே இடமே இல்லை. வெட்டுவது என்றால் என்ன? பகலிலே ஊழியர் ஒருவர் சைக்கிளிலோ வண்டியிலோ வந்து, பெட்டியைத் திறந்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போவது. இரவு ஒன்பதரைக்கு ஏணியோடு வருபவர் எவர்? மின்தடை என்று நாம் கரடியாய்க் கத்தினாலும், அந்த நேரத்திலே ஆள் வருவது எத்தனை அருமை என்பதை நாம் அறியமாட்டோமா!

நம் அம்பத்தூர்த் தோழர் அந்த எண்ணை அழைத்துவிட்டார் என்று வையுங்கள். எதிர்முனையிலே மரியாதையான குரல். "சார், சார்" என்கிறது. "பணம் வந்திருக்கிறது சார், கணக்கிலேதான் ஏறவில்லை. ஒரு பத்து ரூபாய் மட்டும் அனுப்புங்கள், ஏற்றிவிடுகிறேன்." பத்து ரூபாய்தானே! அதற்கு யார் கணக்குப் பார்ப்பார்? அங்கேதான் ஏமாந்தார். அவனுக்கு வேண்டியது பத்து ரூபாய் அல்ல. பத்து ரூபாய் அனுப்புவதற்காக நாம் தட்டும் அட்டை எண்ணும் இரகசிய எண்ணும்தான்.

அதைப் பார்க்க அவனுக்குக் கண் வேண்டும். அந்தக் கண்ணை நாமே வைத்துக் கொடுக்கும்படி செய்கிறான். "ஒரு செயலியை இறக்குங்கள் சார்" என்கிறான். AnyDesk போன்ற செயலி அது. தொலைவிலிருந்து பழுது பார்ப்பவர்களுக்காகச் செய்த நல்ல கருவிதான். கத்தி காய் நறுக்கவும் உதவும், கழுத்தறுக்கவும் உதவும். திரையிலே தோன்றும் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். நாம் அனுமதியை அழுத்தியதும், நம் கைப்பேசித் திரை அவன் முன்னே விரிகிறது. நாம் தட்டுவதையெல்லாம் அவன் படிக்கிறான். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் நம் திரையிலே விழுந்ததுமே, அவன் திரையிலும் விழுந்துவிடுகிறது. இன்னும் சிலர் வாட்ஸ்அப்பிலே .apk என்று முடியும் ஒரு கோப்பை அனுப்புகிறார்கள். அதை ஏற்றினால், நமக்கு வரும் குறுஞ்செய்திகளெல்லாம் நமக்குத் தெரியாமலே அவனுக்குப் போய்ச் சேரும். "கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே" என்ற பழைய பாடம் இங்கே உதவாது. தோழர் யாரிடமும் எதுவும் சொல்லவே இல்லையே!

ரூ.10 போன ஐந்தாவது நிமிடம் ரூ.19,990 போகிறது. மறுபடியும் ரூ.19,990. பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று சேர்த்தது. குரல் இன்னும் "சார், இணைப்பைத் துண்டிக்காதீர்கள்" என்கிறது.

துண்டிக்கத்தான் வேண்டும்! பேச்சை நிறுத்தி, கைப்பேசியின் இணையத்தை அணைத்துவிட்டு, வேறொருவர் கைப்பேசியிலிருந்து 1930 என்ற எண்ணையும், வங்கியையும் அழைக்க வேண்டும். விடியட்டும், காவல் நிலையம் போகலாம் என்று இருப்பதுதான் பெரும் இழப்பு. போன பணம் முதலில் ஒருவன் கணக்குக்குப் போகிறது. அங்கிருந்து இன்னொரு கணக்கு, மற்றொரு கணக்கு என்று தாவி, எங்கோ ஓர் இயந்திரத்திலே நோட்டாக வெளிவருகிறது. 1930இலே சொன்னவுடன், பணம் போன வழியிலே உள்ள வங்கிகளுக்குச் செய்தி பறக்கிறது. நோட்டாக மாறுமுன் எங்கே நிற்கிறதோ அங்கே முடக்குகிறார்கள். அதற்குத் தேவையானது பரிமாற்ற எண். வங்கிக் குறுஞ்செய்தியிலே இருக்கும், அழிக்காதீர்கள். பிறகு cybercrime.gov.in என்ற தளத்திலே எழுத்தாகப் புகார் தரவேண்டும். 2017 ஜூலையிலே ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கை, வாடிக்கையாளர் தம் கவனக்குறைவாலே இழந்தால்கூட, அவர் வங்கியிடம் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேரும் என்று சொன்னது. முதல் ரூ.19,990 போனதுமே சொல்லியிருந்தால் இரண்டாவதற்கு வங்கி பதில் சொல்லியிருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு அத்தாட்சி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்கத்தாலே பலர் வாய் திறப்பதில்லை. மனைவிக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள், கிளையிலே சிரிப்பார்களே என்று இரவு முழுவதும் மருகிவிட்டு, மறுநாள் மாலை வருகிறார்கள். அதற்குள் பணம் எந்த ஊரிலோ செலவாகிவிட்டிருக்கும். சிரிப்பவர்கள் நம் கிளைகளிலே இருந்தால், அவர்கள் முதலில் திருந்தட்டும்.

இந்தக் கொள்ளைக்குத் துணைபோகிறவர்களைப் பற்றியும் பேசவேண்டும். அந்தப் பணம் தாவிச் செல்லும் கணக்குகள் யாருடையவை? வேலையில்லாத வாலிபர்கள், "உன் வங்கிக் கணக்கைக் கொடு, மாதம் இத்தனை தருகிறேன்" என்ற ஆசைவார்த்தையிலே மயங்கி, கணக்கையும் அட்டையையும் சிம்மையும் வாடகைக்கு விட்டவை! சூத்திரதாரி எங்கோ ஒளிந்திருப்பான். முதலில் கைவிலங்கு ஏறுவது இந்தப் பையன் கையிலேதான். நம் தெருவிலேயே அப்படி ஆள் தேடித் திரிகிறார்கள். வங்கிகளோ, கூலிக்காரன் கடன் கேட்டால் ஆயிரம் காகிதம் கேட்கின்றன. நேற்றுத் திறந்த கணக்கிலே ஒரே நாளிலே இலட்சங்கள் வந்து வந்து போவது மட்டும் அவற்றின் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியச் செய்யும்படி நாம் கேட்கவேண்டும்.

மின்வாரியத்திடமும் ஒன்று கேட்போம். வீட்டுக்கு வீடு கணக்கெடுக்க வருகிறார்களே, அப்போது தரும் அட்டையிலோ சீட்டிலோ, "தனியார் கைப்பேசி எண்ணுக்குப் பேசச் சொல்லி நாங்கள் எழுதமாட்டோம்" என்று தமிழிலே ஒரு வரி அச்சிட என்ன செலவு? வாரியம் அனுப்பும் செய்தி எழுத்துகளால் ஆன பெயரிலே வரும். பத்து இலக்க எண்ணிலிருந்து வராது. இந்த வேறுபாட்டைக்கூட எவரும் வீடு தேடி வந்து சொல்லவில்லை.

இன்னொன்று. முன்பணம் கட்டும் புதுவகை மின்அளவிகள் பீகார் போன்ற இடங்களிலே வந்துவிட்டன. அங்கே ஏணி வேண்டாம், ஆள் வேண்டாம். பணம் தீர்ந்தால் அலுவலகத்திலிருந்தே நிறுத்தலாம். அந்த அளவி இங்கேயும் வரும்போது, "இரவிலே யார் வருவார்?" என்ற நம் கேள்வி வலுவிழக்கும். அப்போதும் மிஞ்சுவது ஒன்றுதான்: ஓலையிலே உள்ள எண்ணை அழைக்காமல், நம்மிடம் ஏற்கெனவே உள்ள எண்ணை அழைப்பது. பிரிவு அலுவலக எண், மின்னகத்தின் 94987 94987, அதன் கீழே 1930. இந்த மூன்றையும் படிப்பகத்துக் கரும்பலகையிலே, ஓரமாக, அழியாத வண்ணத்திலே இந்த ஞாயிற்றுக்கிழமை எழுதிவைக்கும்படி கிளைச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.