‘முதலில் குடியை விட்டுவிட்டு வா’ என்பது மருத்துவம் ஆகாது

கிளிநொச்சியின் புதிய மதுபானசாலை அனுமதிகள் பற்றிய சத்தம் 2024ஆம் ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் வரை போனது. யாருடைய சிபாரிசில் யாருக்கு அனுமதி கிடைத்தது என்பதுதான் அப்போது எல்லோருடைய வாயிலும் இருந்த கேள்வி. ஊர்ச்சனம் வீதிக்கு இறங்கியது நியாயமே. பாடசாலைக்குப் பக்கத்தில் பார் திறப்பதற்கு இந்தப் பத்திரிகை ஒருபோதும் வக்காலத்து வாங்காது. ஆனால் பார்களை எண்ணிக்கொண்டிருந்த அந்த நாட்களில், குடிக்கிறவன் எதற்காகக் குடிக்கிறான் என்று எவரும் கேட்கவில்லை.

வன்னியில் அதைக் கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “நித்திரை வரேல்லை.” அதைச் சாக்கு என்று தள்ளிவிடுவது சுலபம். 2009ஆம் ஆண்டு மே மாதத்துக்கு முன்னும் பின்னும் இந்த மண்ணில் நடந்ததைத் தெரிந்தவர்கள் அப்படித் தள்ளமாட்டார்கள். பங்கருக்குள் பிள்ளையைப் பறிகொடுத்தவர், முகாமிலிருந்து திரும்பி வந்து கூரையில்லாத வீட்டைப் பார்த்தவர், காணாமற்போன மகனை இன்னும் தேடிக்கொண்டிருப்பவர் எல்லோரும் இருட்டினால் யோசனையோடு தனித்துப்போகிறார்கள். போர் முடிந்த கையோடு யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. அதில் ஐந்தில் ஒருவருக்கு மேல் மனச்சோர்வு அறிகுறியும், மூன்றில் ஒருவருக்குக் கிட்டப் பதகளிப்பு அறிகுறியும் இருந்தன. முள்ளிவாய்க்கால் வரை நடந்தே போன வன்னிச் சனத்தின் நிலை அதைவிட இலேசாக இருந்திருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

ஆக, குடி இங்கே பலருக்கு மருந்தாகத்தான் தொடங்குகிறது. அந்த மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

விசுவமடுப் பக்கத்தில் கூலிக்கு வயல் செய்கிற, ஐம்பதை எட்டிய ஒருவரை மனதில் வைத்துக்கொள்வோம். இரவு எட்டு மணிக்கு ஒரு கால் போத்தல் சாராயத்தைத் தனியே இருந்து முடிக்கிறார். கால் போத்தல் என்பது 180 மில்லிலீற்றர். அதில் மூன்றில் ஒரு பங்கு மது என்று எடுத்தால், உடம்புக்குள் போகிற சுத்த மது ஏறத்தாழ 47 கிராம். மனித ஈரல் ஒரு மணித்தியாலத்தில் எரித்து முடிப்பது ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான். தேசிக்காய் குடித்தாலும் தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. எனவே எட்டு மணிக்குப் போன சாராயம் இரத்தத்தை விட்டுப் போக இரவு ஒரு மணியோ மூன்று மணியோ ஆகும்.

சரியாக அந்த நேரத்தில்தான் அவர் திடுக்கிட்டு எழும்புகிறார். நெஞ்சு படபடக்கிறது, உடம்பு வியர்க்கிறது, பழைய காட்சிகள் வருகின்றன. பேயடித்தது என்று வீட்டில் சொல்வார்கள். நடந்தது வேறு. மூளையில் அமைதிப்படுத்தும் ஒரு ஏற்பாடும் உசுப்பிவிடும் ஓர் ஏற்பாடும் எப்போதும் சமநிலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மது முதலாவதைக் கூட்டி இரண்டாவதை அமுக்குகிறது. அதனால்தான் முதல் அரை மணித்தியாலத்தில் தோள் தளர்ந்து மனம் இலேசாகிறது. தினமும் இப்படி அமுக்கினால் மூளை சும்மா இருக்காது. அமைதிப்படுத்தும் பக்கத்தைத் தானே குறைத்து, உசுப்பும் பக்கத்தைத் தானே கூட்டி வைத்துக்கொள்ளும். சாராயம் வடிந்த பிறகு கூட்டி வைத்தது மட்டும் மிஞ்சுகிறது. படபடப்பும் பயமும் அதிலிருந்து வருபவை. கனவு காணும் உறக்கத்தையும் மது இரவின் முற்பகுதியில் அடக்கிவைக்கிறது. அடக்கியது பின்னிரவில் இரட்டிப்பாக வருகிறது. ஷெல்லடி கண்டவனுக்கு அந்தப் பின்னிரவுக் கனவு எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

விடிந்தால் உடம்பு அலுப்பு, எதிலும் நாட்டமில்லை, பிள்ளை கூப்பிட்டாலும் எரிச்சல். வயலுக்குப் போகவில்லை, அன்றைய கூலி இல்லை, மனைவியோடு சண்டை. மாலையில் மனம் நேற்றையதைவிடக் கனத்திருக்கும், நேற்றைய அளவு இன்றைக்குப் பத்தாது. நுண்கடன் வாங்கி அதை அடைக்க இன்னொரு கடன் எடுத்த குடும்பங்களுக்கு இந்தச் சுழல் புதிதாக இராது. தன்னை எழுப்பியது நேற்றுக் குடித்த சாராயம் என்று அவருக்குத் தெரியாது. இது இல்லாவிட்டால் இன்னும் மோசமாக இருந்திருப்பேன் என்றுதான் அவர் நம்புகிறார், ஏனென்றால் இரண்டாம் நாள் மாலை குடித்தவுடன் படபடப்பு நிற்கிறது. கசிப்பு குடிப்பவருக்கு இந்தக் கணக்கும் உதவாது. அதில் எவ்வளவு மது இருக்கிறது என்பது வடிப்பவனுக்கே தெரியாது.

இங்கேதான் நமது குற்றச்சாட்டு வருகிறது. இப்படிப்பட்ட ஒருவர் கடைசியில், பெரும்பாலும் மனைவியின் வற்புறுத்தலால், ஆஸ்பத்திரிக்கு வருகிறார். நித்திரை இல்லை, வாழ விருப்பமில்லை என்கிறார். வாயில் மணக்கிறது. “முதலில் குடியை விட்டிட்டு வாங்கோ, பிறகு பார்ப்பம்” என்ற வசனம் வருகிறது. குடிக்கு வந்தால் மனநோய் என்றும், மனநோய்க்கு வந்தால் குடி என்றும் இரண்டு கதவுக்கும் இடையில் அவர் அலைக்கழிக்கப்படுகிறார். அடுத்த முறை அவர் வருவதில்லை.

அந்த வசனத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் சான்டியாகோவில் முன்னாள் படைவீரர் வைத்தியசாலையொன்றில் குடிக்குச் சிகிச்சை பெற வந்த 191 ஆண்களை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட முடிவு துறைக்குள் நன்கு தெரிந்தது. சேர்க்கப்பட்டபோது நூற்றுக்கு 42 பேர் கடும் மனச்சோர்வு அளவில் இருந்தார்கள். குடியில்லாமல் நான்கு வாரம் கழிந்தபோது அது நூற்றுக்கு 6 ஆகக் குறைந்திருந்தது. அதாவது பலருடைய மனச்சோர்வு மதுவே உண்டாக்கியது. மது போனால் அதுவும் போகும். குடித்துக்கொண்டே இருப்பவருக்கு மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புவது அரைகுறை வேலை என்பதும் சரி.

ஆனால் அந்த நான்கு வாரத்தை யார் கடக்கவைப்பது? “விட்டிட்டு வா” என்பவர்கள் அதை நோயாளியின் மனவுறுதியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். தினமும் நிறையக் குடித்த உடம்பு ஒரேயடியாக நிறுத்தினால் ஆறிலிருந்து எட்டு மணித்தியாலத்துக்குள் கை நடுங்கத் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாத பூச்சி சுவரில் ஊரும், காய்ச்சல் அடிக்கும், கவனிக்காவிட்டால் உயிரே போகும். கோயிலில் சத்தியம் பண்ணி, மாலை போட்டு, வீட்டுக்குள் பூட்டிவைத்து நிறுத்தியவர்கள் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவருவது இதனால்தான். கசிப்பு வழக்கில் பிடிபட்டுப் பொலிஸ் கூட்டுக்குள் இருப்பவருக்கும் இதே மூன்றாம் நாள் வரும். அவர் நடிக்கிறார் என்று விட்டுவிடுகிற காவலர் அவருடைய உயிரோடு விளையாடுகிறார்.

மருத்துவம் இதற்கு வழி வைத்திருக்கிறது, அது விலையுயர்ந்ததும் இல்லை. டயசெபாம் போன்ற மருந்தை முதல் நாள் தேவையான அளவு கொடுத்து, ஐந்திலிருந்து ஏழு நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே தயமின் ஊசி போடுவார்கள். சாப்பாட்டைக் குறைத்துக் குடித்தவரின் உடம்பில் அந்த விற்றமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைன் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பழுதடையக்கூடும். முன்பு வலிப்பு வந்தவர், முன்பு புத்தி தடுமாறியவர், தனியே இருப்பவர் கட்டாயம் வார்டில் இருக்க வேண்டும். மற்றப் பலருக்கு வீட்டிலேயே, தினமும் ஒருவர் வந்து பார்த்தால், செய்ய முடியும்.

நான்கு வாரம் முடிந்தபின் இன்னொரு கேள்வி நிற்கும். அந்த நூற்றுக்கு ஆறு என்ற எண்ணை வன்னிக்கு அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே பலருக்குப் போரின் காயம் முதலில் வந்தது, குடி பிறகு வந்தது. குடியை நிறுத்தியதும் கனவுகள் குறையாமல், மறைத்துவைக்க ஒன்றும் இல்லாமல் முழுதாக எழும்பக்கூடும். அவரிடம் “குடிதான் காரணம், அது போச்சுதே, இனி என்ன” என்று சொல்வது அவருடைய இழப்பைப் பொய்யாக்குவது. அவருக்கு மனச்சோர்வுக்கும் போர்க்கால நினைவுக்கும் தனியே, அதே ஆட்களிடம், அதே இடத்தில் சிகிச்சை தொடர வேண்டும். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருவதுபோல் இங்கே உடைந்தது தனி மனம் மட்டுமல்ல, ஊரும் உறவும் சேர்ந்துதான்.

எனவே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் சுகாதார நிர்வாகத்திடம் நாம் கேட்பது இவ்வளவுதான். மனநல கிளினிக்கில் குடியைப் பற்றியும், நீரிழிவு, பிரஷர் கிளினிக்கிலும் ஓபிடியிலும் குடியையும் நித்திரையையும் பற்றியும் கேட்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் படிவத்தின் முதல் மூன்று கேள்விகளே ஆரம்பத்துக்குப் போதும். அதற்கு ஒரு நிமிடம் செல்லும். குடித்துவிட்டு வந்தவர் என்ற காரணத்துக்காக எவரையும் திருப்பி அனுப்பக்கூடாது. மாவட்ட வைத்தியசாலைகளில் மது நிறுத்தத்துக்கென்று சில கட்டில்கள் ஒதுக்கப்பட வேண்டும். அந்த நான்கு வாரத்தில் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், ஏனெனில் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் இருக்கும் ஒரு கூலியாளை பஸ் பிடித்து மாவட்ட நகருக்கு வரச்சொன்னால் அவர் அன்றைய சம்பளத்தைத்தான் முதலில் யோசிப்பார். அதே ஆள் வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்றும் பார்த்து, பூட்டிவைக்கச் சொல்ல வேண்டும். குடி வெறியில் எடுத்த முடிவு காலையில் பல நேரம் மாறியிருக்கும். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் காலை வராமலே போகும். இரவில் அந்த நினைப்பு வந்தவரோ அவர் வீட்டாரோ 1926 என்ற தேசிய மனநல இலக்கத்தை அழைக்கலாம்.

சாராய வரியில் திறைசேரிக்குப் போகும் பணத்தில் ஒரு சிறு பங்கு இதற்குத் திரும்பி வரவேண்டும் என்று வன்னியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் கேட்க வேண்டும். பார் அனுமதியைப் பற்றி அவர்கள் காட்டிய வேகம் இதிலும் தெரியட்டும்.