மாத்திரை போட்டாச்சு, இனி பயமில்லையா?

ஜொகூரில் ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பிறகும் ஒரு பேச்சு சுற்றி வருகிறது: "டாக்சி மாத்திரை ரெண்டு போட்டுட்டா போதும், எலிக்காய்ச்சல் கிட்ட வராது." இதில் பாதி உண்மை. அதனால்தான் மீதிப் பாதி ஆபத்தாகிறது.

உண்மையான பாதி பனாமாக் காட்டிலிருந்து வந்தது. அங்கே பயிற்சிக்குப் போன அமெரிக்கப் படைவீரர் 940 பேரில் ஒரு பகுதியினருக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரைக்காரர்களில் 20 பேருக்கு நோய் கண்டது, மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்கு மட்டும். இது 1984இல் வெளியானது. மாத்திரையின் புகழுக்கு இதுவே அடிப்படை.

ஆனால் அவர்கள் சில வாரம் மட்டும் காட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய இளைஞர்கள். நம் நிலைமைக்கு நெருக்கமானது அந்தமானில் நடந்த ஆய்வு. எலிக்காய்ச்சல் ஆண்டுதோறும் வரும் ஊர்களில் 782 பேரிடம் இதே அளவைச் சோதித்தார்கள். கிருமி தொற்றியவர்களின் விகிதத்தில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. காய்ச்சலாகப் படுத்தவர்கள்தான் குறைந்தார்கள்: வெற்று மாத்திரைத் தரப்பில் சுமார் 6.8 விழுக்காடு, மருந்துத் தரப்பில் 3.1. பாதிக்கும் மேல் குறைந்தது நல்ல பலன்தான். இருந்தாலும் மாத்திரை போட்டவர்களிலும் நூற்றுக்கு மூன்று பேர் படுத்தார்கள். "கிட்ட வராது" என்று இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

"ஒருமுறை போட்டேன்" என்பது அடுத்த வாதம். உடம்பில் டாக்சிசைக்ளினின் அளவு ஏறக்குறைய ஒரு நாளில் பாதியாகிவிடும். வாரக் கடைசியில் மிஞ்சுவது சொற்பம். அதனால்தான் தண்ணீரில் இறங்கும் காலம் முழுக்க வாரம் தவறாமல் கொடுக்கிறார்கள். 2018 வெள்ளத்தின்போது கேரளத்திலும் அப்படித்தான் கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் பத்து பகாட், யோங் பெங் பக்கம் தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கி நின்றது. அங்கே முதல் வாரத்து மாத்திரை மூன்றாம் வாரத்துச் சேற்றுக்கு உதவாது.

பக்கத்து வீட்டில் வாங்கிப் போடும் மருந்தும் அல்ல இது. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. ஒரு முழு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாய் புண்ணாகும். யாருக்குத் தேவை என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"தண்ணி வடிஞ்சாச்சே" என்பவர்களும் உண்டு. ஈரமண்ணில் இந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். வீடு கழுவும் நாட்களை நினைத்துப் பாருங்கள்: ஊறிப்போன கால் தோல், தகரம் கீறிய விரல், குழாயை வேகமாகப் பீய்ச்சும்போது கண்ணில் தெறிக்கும் சேற்று நீர். எல்லாமே அதற்கு வாசல். பூட்சும் கையுறையும் அன்றைக்குத்தான் அதிகம் வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது கடைசி வாதம்: "காய்ச்சல்தான், மாத்திரை போட்டிருக்கேன், டிங்கியும் இல்லைன்னுட்டாங்க." வீடு கழுவிய ஒருவருக்குப் பத்தாம் நாள் திடீரென்று காய்ச்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைவலி. கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே வலி. பீளை இல்லாமல் கண் சிவந்திருக்கிறது. இரண்டாம் நாளே எலிக்காய்ச்சல் ரத்தப் பரிசோதனை செய்தாலும் 'இல்லை' என்று வரக்கூடும். அந்தப் பரிசோதனை தேடும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் தெரிய ஐந்திலிருந்து ஏழு நாள் பிடிக்கும். ஆகவே விவரம் தெரிந்த டாக்டர் முடிவுக்காகக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குவார். அதற்கு அவரிடம் இரண்டு விஷயத்தை நாம் சொல்லியாக வேண்டும்: வெள்ளத்தில் இறங்கியது, டாக்சி எடுத்தது.

வீட்டில் மிஞ்சிய இரண்டு மாத்திரை அப்போது சிகிச்சையாகாது. லேசான நோய்க்கே பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் வீதம் தினம் இருவேளை, ஏழு நாள் கொடுப்பார்கள். முற்றினால் ஊசிவழி பென்சிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன். உடம்பு வலிக்கு டிக்ளோஃபெனாக் போட்டால், ஏற்கெனவே தாக்குண்ட சிறுநீரகம் இன்னும் கெடலாம். பாரசிட்டமோல் போதும்.

2010இல் பகாங்கின் லுபோக் யூவில் மீட்புப் பணிக்குப் போனவர்களுக்கு எலிக்காய்ச்சலோடு மெலியோய்டோசிஸ் என்ற மண் கிருமி நோயும் சேர்ந்து வந்து உயிர்கள் போயின. அந்த ஆண்டு டிசம்பரில்தான் மலேசியாவில் எலிக்காய்ச்சல் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயானது. வாராந்திர டாக்சியை நம்பி மெலியோய்டோசிஸைத் தள்ளிவிட முடியாது. இனிப்பு நீர் உள்ளவர்களை அது சுலபமாகப் பிடிக்கும். அவர்கள் காய்ச்சல் கண்ட அன்றே கிளினிக்குக்குப் போவது நல்லது.

கண் மஞ்சளாகும்வரை காத்திருப்பது தாமதம். மஞ்சளே இல்லாமலும் நுரையீரலில் ரத்தம் கசியலாம். சிறுநீர் குறைவது, மூச்சிரைப்பு, இருமலில் ரத்தம், நிற்காத வாந்தி, கழுத்து விறைப்பு, பேச்சில் தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் கிளினிக் வரிசையில் உட்காராமல், இரவானாலும் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வண்டி இல்லையென்றால் 999.