‘மாதிரி சிறியது’ என்னும் பாவமன்னிப்பு

களஆய்வை அடிப்படையாகக் கொண்ட சமூக மொழியியல் ஆய்வேடுகளின் முறையியல் இயலில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறுகிறது: ‘மாதிரி சிறியதாதலால் முடிவுகளைப் பொதுமைப்படுத்த இயலாது.’ அடுத்த இயலிலேயே, ‘பெங்களூருத் தமிழர்களில் 80 சதவீதத்தினர் வீட்டில் தமிழே பேசுகின்றனர்’ என்று பொதுமைப்படுத்தலும் நடந்தேறிவிடுகிறது. முன்னதை அடக்கம் என்று எண்ணி நெறியாளரும் தேர்வாளரும் கடந்துவிடுகின்றனர். சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு பெருங்குற்றத்தை மறைக்கும் வேலையைத்தான் அவ்வாக்கியம் செய்கிறது.

ஒரு கற்பனை ஆய்வைக் கொண்டு இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுமொழியை அறிய 60 பேரிடம் வினாநிரல் நிரப்பப்படுகிறது. இணைப்பு முதலில் ஒரு தமிழ் அமைப்பின் வாட்ஸப் குழுவுக்குச் செல்கிறது. அங்கிருந்து நண்பர்களுக்குப் பரவுகிறது. விடையளித்தோரில் 48 பேர் அமைப்பைச் சார்ந்தவர்கள், 12 பேர் வெளியே உள்ளவர்கள். முன்னவரில் 43 பேரும் பின்னவரில் 5 பேரும் வீட்டில் தமிழ் என்கின்றனர். மொத்தம் 48, அதாவது 80 சதவீதம்.

நகரத் தமிழர்களில் இத்தகைய அமைப்புகளோடு தொடர்புடையோர் 30 சதவீதமே என்று கொள்வோம். அப்படியானால் மாதிரியில் 80 சதவீத இடத்தைப் பிடித்தவர்களுக்கு உரிய பங்கு 30 மட்டுமே. இரு பிரிவினரின் விடைகளையும் உரிய பங்கால் நிறையிட்டால் விடை 56 சதவீதமாகச் சரிகிறது. ஏறத்தாழ 24 புள்ளிகள் எங்கிருந்து வந்தன? தமிழை விரும்பிப் பேணுவோர் கூடும் இடத்தில் நின்றுகொண்டு, தமிழ் பேணப்படுகிறதா என்று கேட்டதிலிருந்து வந்தன.

இப்போது மாதிரியைப் பெரிதாக்குவோம். அதே வழியில் 600 பேரைத் திரட்டினாலும் 80 சதவீதமே கிடைக்கும். பாடநூல் சூத்திரப்படி 60 பேருக்கு ஏறத்தாழ 10 புள்ளிகளாக இருந்த பிழை எல்லை 3 புள்ளிகளாகக் குறையும். ஆய்வாளரின் நம்பிக்கை வளரும். தவறோ இம்மியும் அசையாது. அச்சூத்திரம் சமவாய்ப்பு முறையில் எடுத்த மாதிரிக்கே உரியது. கைமாறிச் சென்ற இணைப்புக்கு அதைப் பொருத்துவதே பிழை. அந்த இணைப்பு எத்தனை பேரை எட்டியது, எத்தனை பேர் புறக்கணித்தனர் என்பதுகூடத் தெரியாது. 1936இல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைத் திரட்டியும் ரூஸ்வெல்ட் தோற்பார் என்றே கணித்தது. தொலைபேசியும் மகிழுந்தும் வைத்திருந்தோரின் பட்டியல்களிலிருந்து பெரும்பாலான முகவரிகளை எடுத்ததும், விடையனுப்ப முனைந்தவர்கள் ஒருசார்பினராக அமைந்ததும் அதன் வீழ்ச்சிக்குக் காரணம். எண்ணிக்கைப் பஞ்சம் அங்கே இல்லை.

நிறையிட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்ததா? அதுவும் இல்லை. அந்த 56 சதவீதம் பன்னிரண்டே பேரின் தோளில் நிற்கிறது. அவர்களில் ஒருவர் விடையை மாற்றினாலே முடிவு ஏறத்தாழ 6 புள்ளிகள் நகரும். மாதிரியின் சிறுமை உண்மையாகவே வருத்தும் இடம் இதுதான். மேலும் அப்பன்னிருவரும் அமைப்பினரின் நண்பர்கள். அமைப்புக்கு வெளியே உள்ள கட்டடத் தொழிலாளியும் வீட்டுப் பணியாளரும் ஆங்கிலத்தில் அமைந்த இணையப் படிவத்தை எட்டியிருக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டில் முழுக்கத் தமிழே பேசுபவர்களாக இருக்கக்கூடும். அப்போது சார்பு எதிர்த்திசையிலும் இழுக்கும். ஆகவே ‘மாதிரியில் சார்பு இருக்கலாம்’ என்ற வாக்கியமும் பயனற்றது. எவர் விடுபட்டனர், அவர்கள் வந்திருந்தால் விடை எத்திசையில் நகரும், எவ்வளவு நகரும் என்ற மூன்றையும் சொல்லாதது வரம்புரை ஆகாது.

எழுதவேண்டியது கடினமும் அன்று: ‘விடையளித்தோரில் ஐவருக்கு நால்வர் தமிழ் அமைப்புகளைச் சார்ந்தோர், எனவே 80 சதவீதம் என்பது அவர்களது நிலையையே பெரும்பாலும் காட்டுகிறது. அமைப்புகளுக்கு வெளியே பன்னிருவரே அகப்பட்டதால் நகரத் தமிழர் அனைவருக்குமான விகிதத்தை இவ்வாய்வு கணிக்கவில்லை. இணையப் படிவம் எட்டாத உழைப்பாளர் குடும்பங்கள் முற்றிலும் விடுபட்டுள்ளன.’ இதை எழுதிய கை, அடுத்த இயலில் ‘பெங்களூருத் தமிழர்கள்’ என்று எழுதக் கூசும். வரம்புரையின் பயனே அந்தக் கூச்சந்தான்.

60 பேரை மட்டுமே சந்திக்க முடிந்தது என்பது ஒரு தனி ஆய்வாளரின் பொருளும் காலமும் இட்ட எல்லை. அதற்காக எவரும் தலைகுனிய வேண்டியதில்லை. அறுபது பேரின் குரலை ஒரு நகரத்தின் குரலாக அச்சிட்டால், அங்கே தமிழ் பாதுகாப்பாக இருக்கிறது என்ற பொய்யான ஆறுதல் பரவும். வாய்மொழித் தேர்வில் ‘மாதிரி ஏன் சிறியது?’ என்ற வினாவை இனியேனும் கைவிட்டு, ‘இதில் எவர் இல்லை?’ என்று தேர்வாளர்கள் கேட்கட்டும்.