தீபாவளிக்கு ஊருக்குப் போனாலும் மெஸ் பில் ஏன் குறையவில்லை?

"கடைக்குப் போய் தனியா வாங்கிச் சாப்பிடறியா?" மகளிடம் போனில் ஓர் அப்பா கேட்ட கேள்வி இது. காரணம், அக்டோபர் மாத மெஸ் பில். ஆகஸ்டில் 3,480 ரூபாய். அக்டோபரில் 4,069 ரூபாய். அதே மாதம் அறைத்தோழிக்கு வந்ததோ 1,838 ரூபாய்தான். இப்படிப் பல வீடுகளில் சந்தேகம் கிளம்பவே, 200 மாணவிகள் தங்கியிருக்கும் அந்தக் கல்லூரி விடுதியின் வார்டன் பெற்றோர் எல்லோருக்கும் இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை அனுப்பியிருக்கிறார்.

அங்கே நடப்பது 'டிவைடிங் சிஸ்டம்'. மாதம் இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டணம் வைப்பதில்லை. மாதம் முடிந்ததும் ஆன செலவைக் கூட்டி, எல்லா மாணவிகளும் சாப்பிட்ட நாள்களின் மொத்தத்தால் வகுப்பார்கள். அதுதான் ஒரு நாள் சராசரி. அவரவர் சாப்பிட்ட நாள்களால் அதைப் பெருக்கினால் பில்.

ஆகஸ்டில் 200 பேரும் சேர்ந்து சாப்பிட்ட நாள்கள் 5,800. மளிகை, காய்கறி, பாலுக்கு 5,51,000 ரூபாய். சமையல்காரர் சம்பளம், கேஸ், பாத்திரம் தேய்ப்பவர் கூலி எல்லாம் சேர்த்து 1,45,000. வகுத்தால் நாளுக்கு 120 ரூபாய். அந்த மாதம் மாணவி சாப்பிட்டது 29 நாள்.

அக்டோபரில் பண்டிகை விடுமுறை. பாதிப் பேர் ஊருக்குப் போனதில் சாப்பிட்ட நாள்கள் 4,000 ஆகக் குறைந்தன. சாப்பாட்டுப் பொருள் செலவும் அதற்கேற்ப 3,80,000 ஆகிவிட்டது. அதாவது ஆளுக்கு நாளொன்றுக்கு அதே 95 ரூபாய்தான். சாப்பாட்டில் மாற்றமே இல்லை. ஆனால், பாதிப் பந்தி காலி என்பதற்காகச் சமையல்காரருக்குப் பாதிச் சம்பளம் கொடுக்க முடியுமா? அந்த 1,45,000 அப்படியே நின்றது. ஆகஸ்டில் நாளுக்கு 25 ரூபாயாக இருந்த அந்தப் பங்கு, 36 ரூபாய் 25 காசாக ஏறியது. சராசரி 131 ரூபாய் 25 காசு.

அப்பாவின் கோபத்துக்கு ஆளான மாணவியின் ஊர் தூரம். ரயில் டிக்கெட் கிடைக்காமல் 31 நாளும் விடுதியிலேயே இருந்துவிட்டார். தோழி சாப்பிட்டது 14 நாள்தான். பில்லில் வித்தியாசம் வந்தது இப்படித்தான். கடையில் தனியாக வாங்கிச் சாப்பிட்டால் அது மெஸ் பில்லில் ஏறவே ஏறாது என்பதையும் வார்டன் ஒரு வரியில் சொல்லியிருக்கிறார். பாவம், அந்தப் பெண்ணுக்காகவே எழுதிய வரி போலிருக்கிறது.

ஊருக்குப் போயும் பில் குறையாதவர்களின் கதை வேறு. மெஸ் கணக்கில் நாள் கழிக்க வேண்டுமானால், கிளம்புவதற்கு முன்பே ரெஜிஸ்டரில் எழுதிவைக்க வேண்டும். அரிசி களைவதும் காய் வாங்குவதும் முதல் நாள் தலைக்கணக்கை வைத்துத்தான். சொல்லாமல் போனவருக்கும் சேர்த்துச் சமைத்தாகிவிடுகிறது. அதனால், அந்த நாள்கள் அவர் கணக்கிலேயே நிற்கும். பல விடுதிகளில் ஒன்றிரண்டு நாள் லீவுக்குக் கழிவே கிடையாது. தொடர்ந்து இத்தனை நாள் என்று ஒரு வரம்பு இருக்கும். விடுதியில் சேர்க்கும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பெற்றோர் சந்தேகப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதையும் வார்டனே எழுதியிருப்பதுதான் கடிதத்தின் சிறப்பு. மாதக் கடைசியில் 25 கிலோ அரிசி மூட்டை 60 வாங்கினால், கிலோ 50 ரூபாய் வீதம் 75,000 ரூபாய். அந்த அரிசி வேகப்போவதோ அடுத்த மாதம். மொத்தத்தையும் வாங்கிய மாதத்திலேயே எழுதினால், 5,800 நாள் கணக்கில் நாளுக்கு 13 ரூபாய் சும்மா ஏறிவிடும். அடுத்த மாதம் காரணமே இல்லாமல் இறங்கும். படிப்பை முடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது நஷ்டம். ஆரம்ப இருப்புடன் வாங்கியதைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்தால் வருவதுதான் அந்த மாதச் செலவு. பில் ஒரு மாதம் எகிறி மறுமாதம் விழுந்தால், ஸ்டாக் ரெஜிஸ்டரைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். மாணவிகளின் மெஸ் கமிட்டி மாதாமாதம் அதில் கையெழுத்துப் போடுகிறது.

கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரு யோசனை. சம்பளம், கேஸ் செலவை மட்டும் 200 பேரும் சமமாக, ஆளுக்கு 725 ரூபாய் ஏற்றுக்கொள்வது. சாப்பாட்டுச் செலவை மட்டும் நாள் கணக்கில் வகுப்பது. அப்படிச் செய்திருந்தால், 31 நாள் இருந்த மாணவிக்கு 3,670 ரூபாய். கிட்டத்தட்ட 400 ரூபாய் மிச்சம். 14 நாள் சாப்பிட்ட தோழிக்கு 2,055 ரூபாய்; 217 ரூபாய் கூடுதல். ஊர் பக்கத்தில் இருக்கிறவர்கள் இதற்குச் சம்மதிப்பார்களா? பெற்றோரின் பதிலை மாதக் கடைசிக்குள் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார் வார்டன்.