டம்ளருக்குள் ஸ்கை டவர்

ஆக்லாந்தில் டபரா செட் விற்கிறாள் என் தங்கை. விளம்பரப் படத்துக்காக ஏஐ செயலியில் இப்படி எழுதினாள்: "குயீன் தெரு கஃபே மேசையில் பளபளக்கும் எவர்சில்வர் டபரா செட், பின்னால் ஸ்கை டவர்."

வந்த படத்தில் டம்ளரும் டபராவும் உருகி ஒட்டியிருந்தன. டம்ளரின் முன்பக்க நடுவில் ஸ்கை டவர் நிமிர்ந்து தெரிந்தது. டவர் பின்னாடி இருக்கு. முன்பக்கம் எப்படித் தெரியும்? அங்கே கேமரா பக்கம் இருப்பதுதான் தெரியணும்.

இந்தச் செயலிகள் பொருளைச் செய்து வைத்து ஒளியைக் கணக்கிடுவதில்லை. பல செயலிகள் வெறும் புள்ளி இரைச்சலில் தொடங்கி, பழகிய படங்களின் சாயலில் படிப்படியாகத் தெளிவாக்குகின்றன. ஒரே நிறத்தில் இரண்டு பொருள் தொட்டுக்கொண்டால் எல்லை எங்கே என்று அதற்குச் சில நேரம் பிடிபடாது. பிரதிபலிப்பும் பார்த்த சாயலில் தீட்டுவதுதான். 'டபரா செட்' என்ற சொல்லையே அது அதிகம் பார்த்திருக்காது.

அதனால் இருவரும் மாற்றி எழுதினோம்: "மர மேசை. இடது பக்கம் ஒரு உயரமான ஸ்டீல் டம்ளர். வலது பக்கம், ஒரு கை அகலம் தள்ளி, தட்டையான பித்தளைக் கிண்ணம். இரண்டும் மங்கலான மேற்பரப்பு. மேகமூட்ட வெளிச்சம். பின்னணியில் மங்கலாகக் கோபுரம்." 'ஒட்டாமல்' என்று எழுதவில்லை, பல செயலிகள் மறுப்பை விட்டுவிட்டு அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்ளும்.

நாலு படத்தில் மூன்று தேறின. ஆனால் அவள் விற்பது பளபளக்கும் எவர்சில்வர். அதனால் டபரா செட்டை ஜன்னலோரம் வைத்து போனில் எடுத்தாள். பின்னணி மட்டும் செயலியில்.