இருநூறு பேரை வரிசையில் நிறுத்த வேண்டாம்

திரியாயில் நடக்கவிருக்கும் இரத்ததான முகாமுக்கு நமது கிளைகளிலிருந்து தொண்டர்களை அனுப்புவது என்று முடிவாகியிருக்கிறது. மலையகத்திலிருந்து கிழக்கே போய்க் குடியேறிய நம் உறவுக் குடும்பங்களும் அவ்வூர் இளைஞர்களும் சேர்ந்து கேட்டார்கள், நாமும் சம்மதித்தோம். அதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் கூட்டத்தில் எழுந்த இரண்டு யோசனைகளை நாங்கள் ஏற்கவில்லை. தலைவரின் பிறந்த தினத்தில் முகாமை வைப்போம் என்பது ஒன்று. இருநூறு பேரையாவது திரட்டிக் காட்டுவோம் என்பது மற்றது. தோழர்கள் கோபித்துக்கொள்ளாமல் எங்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும்.

இரத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு வருடம் முழுக்கச் செலவழிக்க முடியாது. சிவப்பணுக்கள் குளிரூட்டியில் ஐந்தாறு வாரங்கள்தான் தாங்கும். இரத்தத் தட்டுக்கள் ஐந்து நாளில் பயனற்றுப்போகும். மறுபுறம், இன்று இரத்தம் கொடுத்தவர் அடுத்த நான்கு மாதங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பது இலங்கையின் விதி. ஒரே நாளில் ஊர் முழுவதும் கொடுத்துவிட்டால் ஆறு வாரத்தில் அந்தக் கையிருப்பு தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு அவசரத்துக்குக் கூப்பிட ஊரில் ஆள் இருக்காது. வெசாக், பொசன் காலங்களில் நாடெங்கும் முகாம்கள் குவிகின்றன. அதே வாரத்தில் நாமும் ஒன்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதால் யாருக்கு என்ன பயன்?

ஆகவே முதல் வேலை சுவரொட்டி அச்சடிப்பது அல்ல. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் இரத்த வங்கியோடு பேசி, எந்த வாரத்தில் தேவை, எத்தனை கட்டில்களோடு வருவார்கள், எத்தனை வைத்தியர்கள் வருவார்கள் என்று கேட்பதுதான். அவர்கள் சொல்லும் நாள் தலைவரின் பிறந்த தினமாக அமைந்தால் நல்லது. அமையாவிட்டால் தலைவர் பொறுத்துக்கொள்வார்.

நாளைப் பற்றி ஊராருக்கும் சொல்ல இருக்கிறது. திரியாய் நெல் விளையும் ஊர். பெரும்போக அறுவடை நேரத்தில் வயலை விட்டு யாரும் வரமாட்டார்கள். கார்த்திகை, மார்கழி மழையில் வீதிகளை நம்ப முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் முற்பகலிலேயே உடம்பு வற்றிவிடும், அப்போது முகாம் வைத்தால் காலையிலேயே முடித்துவிட வேண்டும். விரதங்களையும் பார்க்க வேண்டும். நம் பெண்களில் பலர் வெள்ளிக்கிழமை ஒருநேரம் இருப்பவர்கள். குச்சவெளி, புல்மோட்டைப் பக்கமிருந்து முஸ்லிம் சகோதரர்களும் வருவார்களென்றால் நோன்பு மாதத்தைத் தவிர்க்க வேண்டும். பட்டினி வயிற்றோடு வருபவரைத் திருப்பி அனுப்பத்தான் நேரும். நோன்பாளியை அழைத்துவிட்டுத் திருப்பி அனுப்புவது மரியாதையும் அல்ல.

தோட்டத்தில் இதே கேள்வி வேறு வடிவில் வரும். வேலை நாளில் முகாம் வைத்தால் பேர் விழுமா, அரைப் பேராகுமா என்பதுதான் தொழிலாளியின் முதல் கவலை. நிர்வாகம் முழுப் பேர் தருவதாக எழுத்தில் தராத நாளில் தோட்டத்தில் முகாம் வைக்கக் கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு. திரியாயில் நாட்கூலிக்குப் போகிறவருக்கு அப்படி எழுதித் தரவும் எவரும் இல்லை. அங்கே ஞாயிற்றுக்கிழமையே பொருத்தம்.

இனி அந்த இருநூறு பேர். நடமாடும் குழு நான்கு கட்டில்களோடும் ஒரு வைத்தியரோடும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எடுப்பது 450 மில்லிலீற்றர்தான், பத்து நிமிடத்துக்குள் பை நிறைந்துவிடும். ஆனால் கையைத் துடைத்து, ஊசி ஏற்றி, எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடித்து, ஆள் எழுந்து போக ஒரு கட்டிலுக்கு இருபது நிமிடம் ஆகும். மணிக்கு ஒரு கட்டிலில் மூன்று பேர், நான்கு கட்டிலில் பன்னிரண்டு பேர். காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டரை வரை நாற்பத்தெட்டுப் பேர். கட்டிலுக்கு முன்னால் வைத்தியர் இருக்கிறார். படிவத்தைப் பார்த்து, கேள்வி கேட்டு, இரத்த அழுத்தம் பார்த்து அனுப்ப ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் அவரிடமும் மணிக்குப் பன்னிரண்டு பேர்தான். அதில் ஐந்தில் ஒருவர் தகுதியில்லாமல் திரும்பினால் கட்டிலுக்குப் போவது மணிக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இருநூறு பேரை வைத்தியர் பார்த்து முடிக்க ஆயிரம் நிமிடம் வேண்டும், அதாவது பதினாறு மணித்தியாலத்துக்கு மேல். நம் இலக்கின் இலட்சணம் இதுதான்.

முகாமை அதிகமாக நீட்டவும் முடியாது. இரத்தத் தட்டுக்களைப் பிரித்தெடுக்க வேண்டுமானால் எடுத்த இரத்தம் சில மணித்தியாலங்களுக்குள் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். திரியாயிலிருந்து திருகோணமலைக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேல். ஒரு மணிக்குள் குழு வண்டியேற வேண்டும்.

அதனால் எங்கள் யோசனை அறுபது பேர். வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதி, ஒவ்வொருவருக்கும் நேரம் குறித்த துண்டு ஒன்று கொடுப்பது. எட்டரை மணிக்குப் பதினைந்து பேர், ஒன்பதரைக்குப் பதினைந்து பேர் என்று நான்கு பிரிவு. சிலர் வராமல் விடுவார்கள், சிலர் வாசலிலேயே திரும்புவார்கள், கணக்கு சரியாக வரும். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவைத் தெருத்தெருவாக ஓட்டி “எல்லோரும் வாரீர்” என்று கூவினால் எல்லோரும் எட்டரைக்கே வருவார்கள். கடந்த வருடம் ஒரு தோட்டத்தில் அப்படித்தான் நடந்தது. பதினொரு மணிக்கு மண்டபத்தில் உட்கார இடமில்லை, கட்டில் இரண்டு காலியாகக் கிடந்தது. கதிரை நிறைந்து கட்டில் காலியாக இருந்தால் தடங்கல் வைத்தியர் மேசைக்கு முன்னால் இருக்கிறது என்று அர்த்தம். வைத்தியர் தேர்ந்தனுப்பியவர்கள் காத்துக்கிடந்தால் தடங்கல் கட்டிலில். பொறுப்பாளர் ஒருவர் அரை மணிக்கொரு முறை இந்த இரண்டையும் பார்த்து, தேவைப்பட்டால் அடுத்த பிரிவினருக்குத் தொலைபேசியில் “பிந்தி வாருங்கள்” என்று சொல்ல வேண்டும்.

வைத்தியரின் நேரத்தை மிச்சப்படுத்த வாசலில் இரண்டு தொண்டர்கள் போதும். தேசிய அடையாள அட்டை இருக்கிறதா, வயது பதினெட்டுக்கும் அறுபதுக்கும் இடையிலா, தராசில் ஐம்பது கிலோவுக்குக் குறையவில்லையா, கடைசியாகக் கொடுத்து நான்கு மாதம் ஆயிற்றா, காலையில் சாப்பிட்டாரா. இவ்வளவோடு அவர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும். நோய், மருந்து, தாம்பத்தியம் பற்றிய கேள்விகள் வைத்தியருடையவை. அந்த மேசைக்குப் பத்தடிக்குள் தோட்டத் தலைவரோ, ஆசிரியரோ, ஊர்ப் பெரியவரோ நிற்கக் கூடாது. எங்களையும் சேர்த்தே சொல்கிறோம். வகுப்பில் படிப்பித்த வாத்தியார் பக்கத்தில் நிற்கும்போது எந்த இளைஞன் உள்ளதைச் சொல்வான்? எச்.ஐ.வி., மஞ்சட்காமாலைக் கிருமிகள், மேகநோய், மலேரியா எல்லாவற்றுக்கும் பிறகு சோதனை உண்டுதான். ஆனால் கிருமி புதிதாகத் தொற்றிய நாட்களில் சோதனையில் அகப்படாமல் போகலாம். அந்த இடைவெளியை அடைப்பது கொடுப்பவர் சொல்லும் உண்மை ஒன்றுதான்.

இதே காரணத்தால் கொடுப்பவருக்கு அரிசிப் பை, குடை என்று பரிசு வைக்கும் யோசனையையும் எதிர்க்கிறோம். இலங்கை 2014 முதல் முழுக்க முழுக்கக் கைம்மாறு இல்லாத கொடையில் இயங்கும் நாடு. ஐந்து கிலோ அரிசி ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரியது என்பது நமக்குத் தெரியும். அதற்காகக் காய்ச்சலை மறைப்பவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. தேநீர், பிஸ்கட், பழரசத்தோடு நிற்போம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொழுந்தெடுக்கும் நம் தாய்மாரும் சகோதரிகளும் ஆசையோடு முன்வருவார்கள், அவர்களில் பலரே திரும்பிப் போவார்கள். விரல் நுனியில் எடுத்த சொட்டை நீல நிற மயில்துத்தக் கரைசலில் விடுவார்கள். சொட்டு உடனே கீழே அமிழ்ந்தால் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையவில்லை. தயங்கி மிதந்தால் போதாது. ஆட்கள் பார்க்க இப்படித் திரும்பிய பெண்ணை லயத்தில் “உடம்பில் ரத்தமே இல்லையாம்” என்று பேசுவார்கள், அவர் அடுத்த முறை வரவே மாட்டார். அதனால் விரல் குத்தும் மேசையைத் திரைக்குப் பின்னால் போட வேண்டும். திரும்புகிறவரும் கொடுத்தவர் போகும் வழியாகவே போய்த் தேநீர் குடிக்க வேண்டும். மாதர் பிரிவுத் தோழி ஒருவர் அவர் பெயரைத் தனியாகக் குறித்து, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்குக்கு அவரை அனுப்பும் வேலையை ஏற்க வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துச் சாயம் குடிப்பது உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது என்பதையும் அவர் சொல்லலாம். நாம் பறிக்கும் கொழுந்துதான், என்ன செய்வது, ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்போம்.

மயங்கி விழுவதற்கும் ஆள் ஒதுக்க வேண்டும். பயம், பசி, வெக்கை மூன்றும் சேர்ந்தால் திடகாத்திரமான இளைஞனும் சரிவான். காத்திருப்பவர்களின் கண்ணுக்குக் கட்டில் தெரியாமல் மண்டபத்தை மறிக்க வேண்டும், ஏனென்றால் ஒருவர் விழுவதைப் பார்த்து இன்னொருவர் விழுவார். வந்தவுடன் ஆளுக்கு இரண்டு கிளாஸ் தண்ணீர் கொடுக்க வேண்டும். ஓய்வறையில் நிற்கும் தொண்டர் கொட்டாவி, முகம் வெளிறுதல், நெற்றியில் குளிர்ந்த வியர்வை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். கண்டவுடன் கதிரையில் தாங்கிப் பிடிக்காமல் தரையில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, தாதியை அழைக்க வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு முன் எவரையும் வெளியே விடக் கூடாது. சிலருக்கு மயக்கம் பாதி வழியில்தான் வரும். மோட்டார் சைக்கிளில் வந்தவரைச் சற்றுக் கூடுதலாகவே உட்கார வைக்கலாம். அன்று கடலுக்குப் போவது, மரம் ஏறுவது, தோட்டத்தில் என்றால் கொழுந்து மூட்டை சுமப்பது எதுவும் கூடாது.

குழு வண்டியேறிய பின் ஒரு வேலை மிச்சம் இருக்கும். கொடுத்தவர்களின் பெயருக்கு நேரே நான்கு மாதம் கழிந்த திகதியை எழுதி, அந்தக் கொப்பியை ஊரில் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அன்று வராமல் விட்டவர்கள், காய்ச்சலால் திரும்பியவர்கள், இடமில்லாமல் அடுத்த தடவைக்குச் சொல்லி வைத்தவர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். அடுத்த அறுபது துண்டுகளை அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

தொண்டர்களாக வர விரும்பும் தோழர்கள் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பத்துப் பேர் போதும், அதில் நால்வராவது பெண்களாக இருக்கட்டும்.