சிட்டிக் கணக்குக்கு எத்தனை மார்க்?

கேரளம் முடிகிற இடத்தில் இருக்கிறது பாறசாலை. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, எல்லை தாண்டினால் தமிழ்நாட்டின் மத்தம்பாலை. 2017 செப்டம்பரில் அங்கே நிர்மல் கிருஷ்ணா என்ற சிட்டி நிறுவனம் கதவை மூடியது. அதன் அதிபர் திவால் மனுவோடு திருவனந்தபுரம் நீதிமன்றத்துக்குப் போனார். பணம் போட்டவர்கள் பூட்டின் முன்னால் நின்றார்கள். இரு மாநிலத்தாரும் இருந்தார்கள், ஆயிரக்கணக்கில். அலுவலகம் தமிழ்நாட்டில், பணத்தைத் தொலைத்தவர்களில் பலர் கேரளத்தில். வழக்கு தமிழகப் பொருளாதாரக் குற்றப்பிரிவிடம் வந்தது.

இவர்கள் படிக்காதவர்கள் அல்ல. கேரளத்துப் பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் நிதி நிறுவனங்கள் பற்றி ஒரு பாடமே இருந்தது. ஆனால் வங்கி வகைகளை வரிசையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, சிட்டியும் வைப்பும் ஒன்றல்ல என்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை. நெய்யாற்றின்கரை வட்டாரத்துப் பள்ளிகளில் நிதிக் கல்வி என்றால் அங்கேதான் தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் சீட்டு, இங்கே சிட்டி. 20 பேர், மாதம் 5,000 ரூபாய், சிட்டித்தொகை ஒரு லட்சம். ஐந்தாம் மாதம் அவசரக்காரர் ஒருவர் 20,000 தள்ளி, 80,000 எடுத்துக்கொள்கிறார். தள்ளிய தொகையில் 5,000 நடத்துபவரின் கமிஷன். மீதி 15,000 இருபது பேருக்கும் 750 வீதம் கழிவாகிறது. அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்டுவது 4,250. அவ்வளவுதான் சிட்டி. வெளியிலிருந்து ஒரு பைசா உள்ளே வருவதில்லை. பொறுமைசாலிக்குக் கிடைக்கும் லாபம் அவசரக்காரர் விட்டுக்கொடுத்த பணம்.

அந்தப் பொறுமைசாலிக்கு என்ன மிஞ்சும்? மாதக் கழிவு சராசரி 500 என்று வைத்தால், அவர் 20 மாதத்தில் கட்டுவது 90,000. கடைசி மாதம் கமிஷன் போக 95,000 எடுக்கிறார். லாபம் 5,000. முதல் தவணை 19 மாதம் கிடந்தது, அடுத்தது 18 மாதம், கடைசித் தவணை ஒரு நாளும் கிடக்கவில்லை. மொத்தம் 190 மாதம். சராசரி 4,500 ரூபாய் 190 மாதம் கிடந்ததற்கு 5,000 என்றால் வட்டி ஆண்டுக்கு சுமார் 7 சதவீதம். பத்தாம் வகுப்பில் வரும் கூட்டுத் தொடர் இதற்குப் போதும். கணக்கு வாத்தியார் இதை விட்டுவிட்டு வேறு எதற்கோ உதாரணம் தேடுகிறார்.

இனி எதிர்க்கணக்கு. 'மாதம் 5,000 கட்டுங்கள், கடைசித் தவணையன்று 1,20,000 உறுதி' என்று ஒரு நோட்டீஸ். அதே 190 மாதத்தைப் போட்டால் வட்டி ஆண்டுக்கு 25 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஏலம் நடக்காமலே தொகை உறுதி என்றால் அது சிட்டி அல்ல, வைப்பு. அந்த 20,000 எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு நோட்டீஸில் பதில் இல்லை. 'நிதி' என்று பெயர் வைத்துக்கொண்டாலும் கதை மாறாது. 2014ஆம் ஆண்டு நிதி விதிகளின்படி நிதி நிறுவனம் சிட்டி நடத்தக்கூடாது, வைப்புக் கேட்டு விளம்பரமும் செய்யக்கூடாது. வங்கி வைப்புக்கு 5 லட்சம் வரை இருக்கிற காப்பீடும் அதற்கு இல்லை.

தேர்வு எப்படி வைப்பது என்பதில்தான் சிக்கல். தேசிய நிதிக் கல்வி மையம் 2013 முதல் நடத்தி வந்த தேர்வு நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. லட்சக்கணக்கான விடைத்தாளைத் திருத்த அது வசதி. ஆனால் 'சிட்டி நிதியச் சட்டம் எந்த ஆண்டு?' என்பதற்கு 1982 என்று குறித்த பிள்ளை, வீட்டுக்கு வந்த ஏஜென்டிடம் வாய் திறக்க மாட்டான். அதற்குப் பதில் மேற்படி நோட்டீஸையே வினாத்தாளில் அச்சடித்துக் கொடுக்கலாம். பத்து மார்க்கில் நான்கு வட்டிக் கணக்குக்கு. மூன்று, இது சிட்டியா வைப்பா என்று நோட்டீஸின் வாசகத்தைக் காட்டி நிறுவுவதற்கு. மீதி மூன்று, பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு. 'மோசடி' என்று மட்டும் எழுதி நிறுத்துபவனுக்கு மார்க் கிடையாது, அது ஊகம். கணக்கில் கூட்டல் தவறியும் வழி சரியாக இருந்தால் பாதி மார்க் தரலாம்.

ஒன்றை மட்டும் ஆசிரியர் தவிர்க்க வேண்டும்: வீட்டுப் பாஸ்புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லும் செயல்திட்டம். இந்தக் கிராமங்களில் எந்த வகுப்பிலும் 2017இல் பணம் இழந்த வீட்டுப் பிள்ளை இருக்கலாம். கற்பனைப் பாஸ்புத்தகமே போதும்.

கடைசி மூன்று மார்க்கில் ஒன்று எல்லையோரப் பிள்ளைக்கே உரியது. சிட்டிப் பதிவாளர் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இந்தச் சிட்டி எந்த மாநிலத்தில் பதிவானது, புகார் என்றால் எந்த ஊருக்கு பஸ் ஏற வேண்டும் என்று எழுதுபவனுக்கு அந்த மார்க்.